முப்பத்தாறு வெள்ளைப் பொட்டு

"படிக்க முடியாத பில் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. படிக்கத் தெரியாத ஆட்கள்தான் உண்டு."

பெருங்களத்தூர் குல்ஷன் டிராவல்ஸின் லாக் புத்தகப் பொறுப்பாளர் தட்சிணாமூர்த்தி, சென்ற ஆயுத பூஜை அன்று, பதினான்கு வேன்களுக்கும் பொட்டு வைத்து முடித்த கையோடு, பொரிகடலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு இவ்வாறு அருளினார். டிரைவர்கள் கைதட்டினார்கள். பொரி இன்னும் விநியோகிக்கப்படவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் சும்மா சொல்லிவிடவில்லை. தாம்பரத்தில் ஒரு கூரியர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் விலாசம் பிரித்த கண்கள் அவை. மழையில் கரைந்த கதவெண், நடுங்கும் கையால் எழுதிய பின்கோடு, இடது கைக்காரர் எழுதிய இரும்புலியூர் என்று எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை. கூரியர்காரர்கள் கடையைக் கட்டியதும், மைதீன் பிச்சை பாய் அவரைத் தன் டிராவல்ஸுக்கு அழைத்துக்கொண்டார். வீட்டிலும் அவருக்கு ஓய்வு கிடையாது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி தெரியாமல் பீர்க்கன்கரணை ஏரித் தெருவே அவர் வீட்டுக் கதவைத் தட்டும். அவர் மனைவி புஷ்பம் மட்டும், "எல்லாத்தையும் படிப்பாரு, என் மூஞ்சிய மட்டும் படிக்கத் தெரியாது" என்பாள். அதை ஒரு குறையாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை.

குல்ஷன் டிராவல்ஸின் தொழில் எளிமையானது. சிறுசேரி மென்பொருள் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிச்சென்று திரும்ப இறக்கிவிடுவது. வண்டி டீசல் போட்டதும் டிரைவர் பில்லை ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்கு மேல் வைத்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். பில்லில் எத்தனை லிட்டர், லிட்டர் என்ன விலை என்பது இருக்கும். வண்டி ஓடிய கிலோமீட்டர் பில்லில் இருக்காது. அது மீட்டரில்தான் இருக்கும். அதனால்தான் இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்கும் இந்த ஏற்பாடு. மூன்று எண்களையும் எடுத்து லாக் புத்தகத்தில் ஏற்றினால், ஒவ்வொரு வண்டியும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று பாய்க்குத் தெரிந்துவிடும்.

பாயின் மகள் ஷபீனா சென்ற ஆண்டு இதற்கு ஒரு ஆப் கொண்டுவந்தாள். போட்டோவை அதுவே படித்து எண்களை அதுவே கட்டங்களில் நிரப்பிவிடும். சந்தேகம் வந்தால் அந்தக் கட்டத்தை மஞ்சளாக்கி, "சரிபார்க்கவும்" என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளும். மஞ்சள் கட்டத்துக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான் இருக்கும்: "படிக்க முடியவில்லை."

தட்சிணாமூர்த்தி மஞ்சளைப் பார்த்துச் சிரித்தார். சாம்பலைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது எதுக்கும்மா?"

"போட்டோ கிளியரா இல்லன்னா அத பிரஸ் பண்ணிடுங்க அங்கிள். அந்த என்ட்ரிய விட்டுட்டு அடுத்த கிளியர் ரீடிங்ல இருந்து ஆப் கணக்குப் போட்டுக்கும்."

"இத அழிச்சிடலாம். நம்ம ஆபீஸ்ல இதுக்கு வேல இருக்காது."

அழிக்கவில்லை. ஆனால் அவர் அதைத் தொட்டதும் இல்லை. நியாயமாகச் சொன்னால், பாதி வேலையில் அவர் மெச்சத்தக்கவரே. வெயிலில் டாஷ்போர்டு மேல் கிடந்து கறுத்துப்போன பில் வரும். லிட்டர் இருந்த இடத்தில் தார் பூசினதுபோல இருக்கும். தொகை மட்டும் ஓரத்தில் தெரியும்: 2252.81. அன்றைய டீசல் விலை 92.48. வகுத்தால் 24.36 லிட்டர். மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே வந்து நிற்கும். கால்குலேட்டரைக்கூடத் தொடாமல், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஷபீனாவே ஒருமுறை வாய்பிளந்தாள்.

கிலோமீட்டருக்கு மட்டும் அப்படி ஒரு துணை கிடையாது. பெருக்கிப் பார்க்க எதுவுமில்லை. சென்ற முறையைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்ற ஒரே விதிதான். இந்த விஷயத்தில் கடவுள் சற்று அஜாக்கிரதையாக இருந்துவிட்டார்.

நவம்பர் மழையில் ஏழாம் நம்பர் வேனின் மீட்டர் விளக்கு செத்தது. அதன் டிரைவர் சவுரிமுத்து, அலுவலக வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"சார், மீட்டர் லைட்டு பூட்ச்சு. ஃபிளாஷ் போட்டாதான் நம்பரு தெரியுது. ஆனா போட்டோல வெள்ளையா அடிக்கிது. நான் வோணா பில்லு மேலயே பேனால நம்பர எழுதி அனுப்பட்டா?"

அன்றைக்கு அவர் 'எழுதி அனுப்பு' என்ற இரண்டு சொல்லைச் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. ஆனால் பக்கத்தில் வேறு இரண்டு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதறதெல்லாம் எதுக்குப்பா? நீ போட்டோ அனுப்பு. மீதிய நான் பாத்துக்கறேன்."

"சாரு கண்ணு இன்னா கண்ணு!" என்றான் சவுரிமுத்து, மனப்பூர்வமாக.

மறுநாள் போட்டோ வந்தது. பில் பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடியில் ஃபிளாஷ் பட்டு, எட்டணா அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. தட்சிணாமூர்த்தி படத்தைப் பெரிதாக்கினார். பொட்டு பெரிதானது. திருப்பினார். பொட்டு திரும்பியது. வெளிச்சத்தைக் குறைத்தார். பொட்டு சாம்பலானது. மஞ்சள் கட்டம் காத்துக்கொண்டிருந்தது. சாம்பல் பொத்தானும் காத்துக்கொண்டிருந்தது.

டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் நாளைக்கு ஷெட்டு முழுக்கத் தெரிந்துவிடும்.

அவர் யோசித்தார். இந்த மாதிரி வேன் சாதாரணமாக லிட்டருக்குப் பத்தரை கொடுக்கும். ஒவ்வொரு முறையும் டாங்கை நிரப்பித்தான் வருகிறான். போட்ட லிட்டரைப் பத்தரையால் பெருக்கிப் பழைய எண்ணோடு கூட்டினால் ஓடிய தூரம் வந்துவிடாதா? கடைசியாகத் தெளிவாக வந்த எண் 1,48,213. கூட்டினார். எழுதினார். மஞ்சள் பச்சையானது. எழுதிய பிறகு அந்தப் பொட்டைப் பார்த்தபோது, உள்ளே அந்த எண்தான் மங்கலாகத் தெரிவதுபோலக்கூட இருந்தது.

இப்படி மூன்று நாளுக்கொரு பொட்டு வந்தது. மூன்று நாளுக்கொரு பெருக்கல் நடந்தது. ஏழாம் நம்பரின் மைலேஜ் வரைபடம் மற்ற வண்டிகளைப்போல ஏறி இறங்கி ஆடாமல், புது ரயில் தண்டவாளம்போல நேராகப் போயிற்று. பாய் ஒரு நாள் அதைக் காட்டி மற்ற டிரைவர்களைத் திட்டினார். "ஏழாம் நம்பர பாருங்கடா. பத்தரைக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல. அது ஓட்டறது!"

சவுரிமுத்து மட்டும் திகைத்து நின்றான். "இல்ல பாய், வண்டி குடிக்கிது. ஒம்போதுகூட வராதுன்னு எனுக்கு டவுட்டா கீது. புகையும் கறுப்பா வருது. இஞ்செக்டர் பாக்கணும்."

"லாக்ல பத்தரை இருக்கு. உனக்குத் தெரியுமா, மூர்த்தி சாருக்குத் தெரியுமா?"

சவுரிமுத்து தட்சிணாமூர்த்தியைப் பார்த்தான். தட்சிணாமூர்த்தி ஒரு பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

டிசம்பர் நடுவில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது: ஒரு போட்டோ தெளிவாக வந்துவிட்டது. பங்கில் இருந்த பெரிய விளக்கு பக்கவாட்டில் அடித்து, மீட்டர் எண் சுத்தமாகத் தெரிந்தது. ஆப்பே படித்துவிட்டது: 1,50,588. ஆனால் அதற்கு முன் லாக்கில் அவர் எழுதி வைத்திருந்தது 1,50,728. வண்டி மூன்று நாள் சிறுசேரிக்கு ஓடிவிட்டு, நூற்று நாற்பது கிலோமீட்டர் பின்னால் போய் நின்றிருந்தது. ஆப் மஞ்சளடித்துக் கேட்டது: "முந்தைய அளவைவிடக் குறைவு. சரிபார்க்கவும்."

தட்சிணாமூர்த்திக்கு முதுகில் ஒரு எறும்பு ஊர்ந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அவர் அந்த எண்ணை நெடுநேரம் பார்த்தார். டிஜிட்டல் எண்ணில் ஐந்துக்கும் ஒன்பதுக்கும் ஒரே ஒரு கோடுதான் வித்தியாசம். வலது பக்கம் மேலே ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டின் மேல் வெளிச்சம் பட்டு மறைந்திருக்கக் கூடாதா? கூடும். பட்டிருந்தால் அது 1,50,988. கழித்து, வகுத்துப் பார்த்தார். மைலேஜும் கிட்டத்தட்டப் பத்தரை. விஞ்ஞானமே தன் பக்கம் நிற்பதாக அவர் முடிவு செய்தார். ஐந்தை ஒன்பதாக்கினார்.

அதுவரை அவர் தெரியாததை எழுதினார். அன்றுதான் தெரிந்ததை மாற்றி எழுதினார். இரண்டுக்கும் உள்ள தூரம், பெருங்களத்தூருக்கும் சிறுசேரிக்கும் உள்ளதைவிட அதிகம்.

அதன் பிறகு வெளியே வர வழியில்லை. உண்மையான எண் எப்போது வந்தாலும் லாக்கைவிடக் குறைவாகத்தான் வரும். நாளாக ஆக இன்னும் குறைவாக. அவர் எழுதும் ஒவ்வொரு எண்ணும் அடுத்த எண்ணைக் கழுத்தைப் பிடித்து மேலே தள்ளியது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கூட்டத்தில் பெருங்களத்தூர் பாலத்தடியில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருந்தபோது, முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது என்ற நிலை அவருக்குப் புதிதாகத் தோன்றவில்லை. நவம்பர் முதல் அதில்தான் குடியிருந்தார். வெள்ளைப் பொட்டு வரவேண்டுமே என்று தினமும் வேண்டிக்கொண்டார். ஷெட்டுக்குள் எலக்ட்ரிஷியன் அஸ்கர் நுழைந்தால் சீவுவதற்குப் பென்சிலைத் தேடினார்.

மார்ச் மாதம் அஸ்கர் ஏழாம் நம்பரின் மீட்டரைக் கழற்றினான். புது பல்பு போட்டான். மறுநாள் காலை போட்டோ வந்தது. பில் பளிச், மீட்டர் அதைவிடப் பளிச். 1,56,763.

லாக்கில் முந்தைய எண் 1,57,925. ஆயிரத்து நூற்று அறுபத்திரண்டு கிலோமீட்டர் குறைவு.

ஆயிரத்துக்கு மேல் குறைந்தால் ஆப் மஞ்சளடிக்காது, சிவப்படிக்கும். சிவப்பு தட்சிணாமூர்த்தியிடம் வராது. நேராக ஷபீனாவுக்கும் பாய்க்கும் போகும்.

பதினொரு மணிக்குப் பாய் அலுவலகத்தில் எல்லோரையும் நிற்கவைத்தார். அவர் கத்தவில்லை. கத்தினால் பரவாயில்லை என்று இருந்தது.

"நேத்து மீட்டரக் கழட்டினீங்க. இன்னிக்கு ஆயிரத்தி சொச்சம் கிலோமீட்டர் கொறஞ்சிருக்கு. இது எப்படிப்பா நடக்கும்?"

அஸ்கர் பதறினான். "பாய், அல்லா மேல ஆணையா பல்பு மட்டும்தான் மாத்தினேன்! மீட்டரத் திருப்ப எனக்குத் தெரியவே தெரியாது பாய்."

"தெரியாதவன் கையில அது எப்படித் திரும்புச்சு? பழைய வண்டின்னு காட்டாம விக்கறவனுங்கதான் மீட்டரத் திருப்புவானுங்க. நீங்க எதுக்குத் திருப்பினீங்க? டீசல உறிஞ்சிட்டு ஓடாத கிலோமீட்டர அனுப்பிக்கினே இருந்தீங்க, மீட்டர் சரியானா மாட்டிக்குவோம்னு..." பாய் நிறுத்திக்கொண்டார். தன் யூகம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் ஆயிரத்து நூற்று அறுபத்திரண்டு என்பது புரியும்படியான எண். "சவுரிமுத்து, சாவிய வெச்சிட்டு வெளிய உக்காரு. சாயங்காலம் பேசிக்கலாம்."

சவுரிமுத்துவுக்கு நாற்பத்தோரு வயது. பதினோரு வருஷமாக அதே சாவி. சாவிக்கொத்தில் வேளாங்கண்ணி மாதா பதக்கம் ஒன்று தேய்ந்து முகமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பதக்கத்தை மட்டும் கழற்றிக்கொள்ள முயன்றான், வளையம் பிரியவில்லை. அப்படியே மேசைமேல் வைத்தான்.

பிறகு தட்சிணாமூர்த்தி பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம்.

"சார்! நீங்க கீறீங்களே! நாலு மாசமா நான் அனுப்புன போட்டோ அத்தினியும் நீங்கதானே சார் படிச்சீங்க? அல்லாத்தையும் திரும்பப் பாருங்க சார். நான் எதுனா தில்லாலங்கடி வேல பண்ணியிருந்தா உங்க கண்ணுக்குத் தப்புமா? பாய்! மூர்த்தி சார் பாக்கட்டும். அவரு இன்னா சொல்றாரோ அத நான் ஒத்துக்கறேன். அவரு திருடன்னு சொன்னா நான் திருடன்."

பாய் தலையாட்டினார். "அதான் சரி. மூர்த்தி சார், போட்டோவையெல்லாம் ஒருவாட்டி பாத்துட்டு, லாக்ல இருக்கறது கரெக்ட்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. அத வெச்சி நான் மேல பேசறேன். அஞ்சு மணிக்குள்ள."

ஒரு மனிதனை இவ்வளவு மரியாதையாகப் பொறியில் வைத்துப் பூட்ட முடியும் என்பது தட்சிணாமூர்த்திக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் தன் அறைக்குள் போனார். தகரத் தடுப்பு போட்ட அறை; ஜன்னல் கிடையாது; முன்பு டயர் வைத்திருந்த இடம். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் அவர் நாற்காலி ஒருமுறை நுழைந்தால், அவர் எழுந்தால்தான் நாற்காலி வெளியே வரும். நாற்காலி வெளியே வந்தால்தான் அவர் எழ முடியும். பதினெட்டு மாதமாக இதைத் தினமும் எப்படியோ சாதித்துவந்தவர், அன்று உட்கார்ந்தபின் இனி எழவே முடியாது என்று உணர்ந்தார்.

ஏழாம் நம்பர், நவம்பர் முதல் மார்ச் வரை. அன்று காலை வந்ததை விட்டால் முப்பத்தேழு போட்டோ. முதல் படத்தைத் திறந்தார். வெள்ளைப் பொட்டு. இரண்டாவது. வெள்ளைப் பொட்டு. அவற்றுக்குப் பக்கத்தில் அவர் எழுதிய எண்கள் தெளிவாக, அழகாக, ஒரு தவறும் இல்லாமல் நின்றன. கையெழுத்துப் போட்டால் அவர் கண் தப்பிக்கும். சவுரிமுத்து டீசல் திருடனாகப் போவான். அஸ்கர் அவனுக்குக் கூட்டாளியாகப் போவான். போடாவிட்டால்...

தடுப்புக்கு அந்தப் பக்கம் சவுரிமுத்துவின் குரல் கேட்டது. யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"இல்ல, மத்தியானம் வூட்டுக்கு வர்ல. இல்லம்மே, அழுவாத. மூர்த்தி சார் பாத்துக்கினு கீறாரு. அவரு பாத்தா முடிஞ்சுது. ... ஆமா, அவருக்குப் படிக்க முடியாததுன்னு ஒண்ணு கெடையாது. அவரே சொல்லிக்கீறாரு."

தட்சிணாமூர்த்தி பேனாவை எடுத்தார். "இதனால் சகலமானவர்களுக்கும்" என்று எழுதி அடித்தார். "கீழே கையொப்பமிட்ட நான்" என்று எழுதி அதையும் அடித்தார். போட்டோக்கள் அழிந்துபோனால் நன்றாக இருக்குமே என்று நினைத்தார். அவை இரண்டு இடத்தில் சேமிக்கப்பட்டிருப்பதாக ஷபீனா பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. தனக்குக் காய்ச்சல் வந்தால் நன்றாக இருக்கும் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஆரோக்கியமாக இருந்தது.

நாலரைக்கு ஷபீனா உள்ளே தலை நீட்டினாள்.

"அங்கிள், ஒரு டவுட். ஏழாம் நம்பர் கிராஃப் மட்டும் ஏன் இவ்ளோ ஸ்ட்ரெயிட்டா இருக்கு? நிஜ வண்டி எதுவும் இப்படி ஓடாதே."

அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து, முகத்தை விட்டுத் திரையைப் பார்த்தாள். திரையில் பதினொன்றாவது போட்டோ திறந்திருந்தது. தெளிவாக 1,50,588. பக்கத்துக் கட்டத்தில் 1,50,988.

அந்த அறையில் மூச்சு விடுவதற்கு இருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் தீர்ந்தது.

தட்சிணாமூர்த்தி கட்டத்தைத் தொட்டு ஒன்பதை அழித்தார். ஐந்து போட்டார். ஆப் உடனே மஞ்சளடித்து, முந்தைய அளவைவிடக் குறைவு என்றது.

"இது மட்டும்தாம்மா எனக்குத் தெரிஞ்சுது," என்றார். "உங்க அப்பாவையும் அந்த ரெண்டு பேரையும் கூப்பிடறியா?"

மூன்று பேரும் வந்து தடுப்புக்கு வெளியே நின்றார்கள். உள்ளே நிற்க இடமில்லை. சவுரிமுத்து எக்கிப் பார்த்தான்.

"சார், பாத்துட்டீங்களா? இன்னா சொல்லுது போட்டோ?"

தட்சிணாமூர்த்தி முதல் போட்டோவுக்குப் போனார். அதன் பக்கத்திலிருந்த எண்ணை அழித்தார். மஞ்சள் கட்டத்துக்கு அடியில், ஒரு வருஷமாக ஒருவரும் தொடாமல் கிடந்த சாம்பல் பொத்தானின் மேல் விரலை வைத்தார். அழுத்தினார்.

இரண்டாவது போட்டோ. அழித்தார். அழுத்தினார்.

ஆறாவதில் பாய்க்குப் புரிந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஷபீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அஸ்கர் மெல்ல மூச்சு விட்டான். சவுரிமுத்துவுக்குக் கடைசியாகத்தான் புரிந்தது. புரிந்ததும் அவன் சந்தோஷப்படாமல், பேருந்தில் தெரியாமல் யாருடைய காலையோ மிதித்துவிட்டவன்போல, பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டான்.

"சார்... போதும் சார். வுடுங்க சார்."

போதாது. முப்பத்தாறையும் எடுத்தால்தான் சரியான எண்கள் ஒன்றையொன்று பார்க்கும். பதினொன்றாவதை மட்டும் விட்டுவிட்டு அவர் தொடர்ந்தார். முப்பது. முப்பத்தொன்று. எண்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தன.

முப்பத்தாறாவது பொத்தான் அழுந்தியதும் சிவப்பு அணைந்தது. ஆப் நவம்பரின் 1,48,213-ஐயும் அன்று காலையின் 1,56,763-ஐயும் எடுத்துக்கொண்டு, நடுவில் போட்ட டீசலையெல்லாம் கூட்டித் தானே கணக்குப் போட்டது. எண்ணாயிரத்து ஐந்நூற்று ஐம்பது கிலோமீட்டர். தொள்ளாயிரத்து ஐம்பது லிட்டர். லிட்டருக்கு ஒன்பது.

"இஞ்செக்டர்," என்றார் பாய். மேசைக்குப் போய்ச் சாவியை எடுத்து வந்து சவுரிமுத்துவின் கையில் வைத்தார்.

ஆறு மணி டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. சவுரிமுத்து வெளியே போனான். வண்டி கறுப்புப் புகையோடு கிளம்பியது. எல்லோரும் கலைந்தார்கள்.

மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்குச் சவுரிமுத்துவின் வண்டியிலிருந்து ஒரு போட்டோ வந்தது. அவசரத்தில் கை ஆடியிருந்தது. மீட்டர் பளிச்சென்றிருந்தது, இந்த முறை பில்தான் பாதி மடிந்து, லிட்டரும் தொகையும் ஒரே கலங்கலாக இருந்தன. தட்சிணாமூர்த்தி போட்டோவைப் பெரிதாக்கவில்லை, திருப்பவில்லை. போனை எடுத்துச் சவுரிமுத்துவைக் கூப்பிட்டார்.

"தம்பி, பில்லு எனக்குத் தெரியல. கொஞ்சம் பாத்துப் படிச்சுச் சொல்றியா?"

அவன் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.